அப்பளத் தொழிலுக்கான கடன் திட்ட அறிக்கை: விற்பனை, செலவு, தவணைக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் முறை

மதுரை சிந்தாமணிப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கையால் அப்பளம் இட்டு விற்றுவந்த ஒரு பெண்மணி, இயந்திரம் வாங்கித் தொழிலைப் பெரிதாக்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கவிருந்தார். வெளியில் ஒருவரிடம் பணம் கொடுத்துத் தயாரித்த திட்ட அறிக்கையை, வங்கியில் கொடுப்பதற்கு முன்பு ஒருமுறை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். இருபத்திரண்டு பக்கம், வண்ண அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் இருந்த எண் அடுத்த பக்கத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. கடன் கணக்குகளைப் பார்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன், திட்ட அறிக்கைகளில் கூட்டல் பிழை அரிது. இந்தப் பொருத்தமின்மைதான் எங்கும் இருக்கிறது. வேறொருவருக்குத் தயாரித்த பழைய அறிக்கையில் சில கட்டங்களை மட்டும் மாற்றிக் கொடுப்பதால் இது நேர்கிறது. அந்த அறிக்கையை நான் சரிபார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிலோவைக் கண்டுபிடியுங்கள்

அறிக்கையை ரூபாயிலிருந்து படிக்கத் தொடங்கக் கூடாது. தொழில் எதை அளந்து விற்கிறதோ அந்த அளவையிலிருந்து தொடங்க வேண்டும். அப்பளத்துக்கு அது கிலோ. அறிக்கையின் அனுமானங்கள் பக்கத்தில் இயந்திரத்தின் திறன் மணிக்கு 10 கிலோ, நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று இருந்தது. அப்படியானால் முழுத்திறனில் ஆண்டுக்கு 24,000 கிலோ. முதலாண்டு 60 சதவீதம், இரண்டாமாண்டு 70 சதவீதம், மூன்றாமாண்டு 80 சதவீதம் திறனில் இயங்கும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது 14,400 கிலோ, 16,800 கிலோ, 19,200 கிலோ. இந்த மூன்று எண்களையும் ஒரு தனித்தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன். இதற்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும், அங்குள்ள ரூபாயை மீண்டும் கிலோவாக மாற்றி, இந்தத் தாளோடு ஒப்பிடுவதுதான் வேலை.

விற்பனைப் பக்கத்தில் முதலாண்டு வரவு 30,24,000 ரூபாய் என்றும், கிலோ விலை 180 ரூபாய் என்றும் இருந்தது. வகுத்துப் பார்த்தால் 16,800 கிலோ வருகிறது. அது இரண்டாமாண்டின் அளவு. மூலப்பொருள் பக்கத்தில் முதலாண்டுச் செலவு 18,43,200 ரூபாய். கிலோவுக்கு மாவு 115 ரூபாய், உப்பு, அப்பளக்காரம், எண்ணெய் ஆகியவற்றுக்கு 6 ரூபாய், பொட்டலம் கட்ட 7 ரூபாய் என மொத்தம் 128 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதால் வகுத்தால் 14,400 கிலோ. ஆக, மாவு வாங்கியது 14,400 கிலோ அப்பளத்துக்கு. விற்றதோ 16,800 கிலோ. 2,400 கிலோ அப்பளம் மாவே இல்லாமல் உருவாகியிருக்கிறது! அதன் மதிப்பு 4,32,000 ரூபாய். அறிக்கை காட்டிய முதலாண்டு லாபத்தின் பெரும்பகுதி இந்த இல்லாத அப்பளத்திலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒன்றைக் கேட்டறிய வேண்டும். ஒரு கிலோ மாவு போட்டால் விற்கத்தக்க அப்பளம் எவ்வளவு கிடைக்கிறது என்பது அந்தத் தொழிலைச் செய்பவருக்கு மட்டுமே தெரியும். அவரிடம் கேட்டேன். "உடைசல், கழிவு போகும் சார், ஆனா உப்பும் காரமும் ஈரமும் சேருதுல்ல, கிலோவுக்குக் கிலோ சரியா வந்துரும்" என்றார். ஆகவே கிலோவுக்குக் கிலோ என்று எடுத்த அறிக்கையின் கணக்கை அப்படியே விட்டேன். முறுக்கு, சேவு போல எண்ணெய் குடிக்கும் பண்டமாக இருந்தால் இந்த விகிதம் மாறும். அதற்கான எண்ணை அனுமானப் பக்கத்தில் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். தொடக்கக் கையிருப்பும் இறுதிக் கையிருப்பும் இருந்தால் விற்பனைக்கும் உற்பத்திக்கும் சிறு வேறுபாடு நியாயமாகவே வரலாம். ஆனால் முதலாண்டில் விற்பனை உற்பத்தியை விடக் குறைவாகத்தான் இருக்க முடியும், ஒருபோதும் கூடுதலாக இருக்க முடியாது.

விற்பனையைத் திருத்தியதும் முதலாண்டு வரவு 25,92,000 ரூபாயாக இறங்கியது. கிலோவுக்கு 180 ரூபாயில் 128 போக 52 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த 52 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூலி, வாடகை, வட்டி, அசல் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

மற்றச் செலவுகளை விரைவாகப் பார்த்துவிடலாம். இரண்டு ஆட்களுக்குக் கூலி 2,40,000, மின்சாரம் 60,000, வாடகை 72,000, வண்டிச் செலவும் சில்லறையும் 48,000 என ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மின்செலவை மட்டும் இயந்திரங்களின் குதிரைத்திறனை 0.746-ஆல் பெருக்கி, ஓடும் மணி நேரத்தாலும் நாட்களாலும் பெருக்கி, யூனிட்டாக்கிப் பாருங்கள். அதே வகை இணைப்புள்ள பக்கத்துக்காரரின் பில்லில் உள்ள கட்டணத்தைப் போட்டால் அறிக்கையின் எண் நம்பத்தக்கதா என்று தெரிந்துவிடும். இந்த அறிக்கையில் அது சரியாகவே இருந்தது.

கொட்டேஷனிலிருந்து கடன் தொகை வரை

இரண்டாவதாகத் திட்டச் செலவுப் பக்கத்தை, இயந்திரக் கொட்டேஷனோடும் தவணை அட்டவணையோடும் சேர்த்து, மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திட்டச் செலவு 10,00,000 ரூபாய், அதில் சொந்தப் பணம் 1,00,000, வங்கிக் கடன் 9,00,000 என்று நிதி ஆதாரப் பக்கம் சொன்னது. தவணை அட்டவணையின் முதல் வரியிலோ கடன் தொகை 7,70,400 ரூபாய் என்று இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி 1,29,600.

இப்படி ஓர் இடைவெளி வரும்போது அதை அழித்துத் திருத்துவதற்கு முன்பு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். காரணம் தெரியாமல் திருத்தினால் அதே பிழை வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும். கொட்டேஷனைப் பார்த்தேன். இயந்திர விலை 8,00,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 1,44,000. வயரிங்கும் மேசைகளும் 56,000. மொத்தம் சரியாக 10,00,000. வரியைச் சேர்க்காமல் முதலில் 8,56,000 ரூபாய்க்கு ஒரு வரைவு போட்டு, அதன் 90 சதவீதத்துக்குத் தவணை அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். பிறகு வரியைச் சேர்த்துத் திட்டச் செலவை மட்டும் மாற்றிவிட்டு, அட்டவணையை மறந்துவிட்டார்கள். 1,44,000-இன் 90 சதவீதம்தான் அந்த 1,29,600.

காரணம் தெரிந்ததால் அடுத்த பிழையும் தானாகவே அகப்பட்டது. தேய்மானப் பக்கத்தில் முதலாண்டுத் தேய்மானம் 1,28,400 என்று இருந்தது. அது 8,56,000-இன் 15 சதவீதம். 10,00,000-க்கு 1,50,000 வர வேண்டும்.

வரியைத் திட்டச் செலவில் சேர்ப்பது சரிதானா என்று ஒருவர் கேட்கலாம். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. விற்பனையில் வரி வாங்காதவர் இயந்திரத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. அது அவருடைய அடக்கச் செலவாகவே நின்றுவிடும். ஆகவே இந்தத் தொழிலில் வரியைச் சேர்ப்பதுதான் முறை. வரி உள்ள பண்டம் தயாரித்து, பதிவு செய்து, உள்ளீட்டு வரவு எடுக்கப்போகிறவர் என்றால் கணக்கு வேறு மாதிரி அமையும்; எடுக்கப்போகும் வரியின் மீது தேய்மானம் போடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பவர்களின் அறிக்கைகளில், மானியத்தை முதல் நாளே கடனிலிருந்து கழித்துவிட்டு அட்டவணை போடும் வழக்கம் இருக்கிறது. அத்திட்டத்தில் மானியத் தொகை 3 ஆண்டுகள் வங்கியில் தனி வைப்பாகப் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் தொகைக்கு வைப்பு வட்டியும் இல்லை, அதற்கு ஈடான கடன் பகுதிக்குக் கடன் வட்டியும் இல்லை. ஆனால் கடன் முழுத்தொகையாகவே தொடங்கும். அட்டவணையும் அப்படியே தொடங்க வேண்டும்.

தவணை அட்டவணையை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

கடன் 9,00,000, வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம், மொத்தக் காலம் 5 ஆண்டு, அதில் முதல் 6 மாதம் அசல் கட்டத் தேவையில்லாத மொரட்டோரியம் என்று அறிக்கை சொன்னது. அப்படியானால் அசல் தவணைகள் 60 அல்ல, 54. மாதத்துக்கு 16,667 ரூபாய். மொரட்டோரியம் மாதங்களில் வட்டி மட்டும் மாதம் 8,250 கட்ட வேண்டும். மொரட்டோரியம் என்றதும் எதுவுமே கட்ட வேண்டாம் என்று நினைத்து, வட்டியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்ட அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

மாதா மாதம் குறையும் நிலுவைக்கு வட்டி போட்டால், முதலாண்டில் வட்டி 96,708, அசல் 1,00,000. இரண்டாமாண்டில் வட்டி 77,917, அசல் 2,00,000. இந்த இரண்டு வரிகளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முதலாண்டில் மொத்தம் 1,96,708 கட்டுகிறவர் இரண்டாமாண்டில் 2,77,917 கட்ட வேண்டியிருக்கிறது. முதலாண்டுதான் கடினமான ஆண்டு என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மொரட்டோரியம் உள்ள கடனில் சுமை முழுதாக இறங்குவது இரண்டாமாண்டில்தான். அறிக்கையைச் சரிபார்ப்பவர் இரண்டாமாண்டு வரியின் மீதுதான் விரலை வைக்க வேண்டும்.

அட்டவணை சரியானதும் மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். அட்டவணையின் வட்டி லாப நட்டக் கணக்கின் வட்டியோடு ஒக்க வேண்டும். அட்டவணையின் அசல் பண வரவு செலவுக் கணக்கில் வெளியே போயிருக்க வேண்டும். அதை லாப நட்டக் கணக்கில் செலவாகக் காட்டக் கூடாது. ஆண்டு இறுதி நிலுவை, இங்கே 8,00,000, இருப்புநிலைக் குறிப்பின் கடன் வரியில் அப்படியே இருக்க வேண்டும்.

இருப்புநிலைக் குறிப்பு இரு பக்கமும் சமமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இந்த அறிக்கையில் ‘பிற நடப்புச் சொத்துகள்’ என்ற ஒரு வரி ஒவ்வோராண்டும் ஒழுங்கே இல்லாத எண்ணாக இருந்தது. என்ன சொத்து என்று கேட்டால் தயாரித்தவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பொருந்தாத மற்றப் பக்கங்களை இழுத்துப் பிடித்துக் கட்டுவதற்காகப் போட்ட எண் அது. பெயரில்லாத ஒரு வரி அறிக்கையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் வேறெங்கோ ஒரு பிழை இருக்கிறது என்று உறுதியாக நம்பலாம்.

கடையில் நிற்கும் பணம்

நடைமுறை மூலதனம் 1,00,000 ரூபாய் என்று அறிக்கையில் இருந்தது. அதே அறிக்கையின் சந்தை விளக்கப் பக்கத்தில், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிக் கடைகளுக்கு ஒரு மாதக் கடனில் சரக்குப் போடுவதாக எழுதியிருந்தது. "மாசக் கடைசியிலதான் சார் காசு தருவாங்க, சில பேரு அப்பவும் இழுப்பாங்க" என்று அவரும் சொன்னார்.

மாதத்துக்கு 1,200 கிலோ. மூலப்பொருள், கூலி, வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவின் அடக்கம் ஏறக்குறைய 157 ரூபாய். ஒரு மாத அப்பளம் கடைகளில் பணமாகாமல் நின்றாலே 1,88,000 ரூபாய்க்கு மேல் முடங்குகிறது. கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி வைக்கும் அரைமாத மாவும் பிற பொருளும் 76,800. காய்ந்து பொட்டலத்தில் இருக்கும் ஒரு வாரச் சரக்கு 47,000. கூட்டினால் 3,12,000-ஐத் தாண்டுகிறது. 3,20,000 என்று வைத்துக்கொண்டோம். ஒரு லட்சத்தில் தொழிலைத் தொடங்கியிருந்தால், இரண்டாவது மாதத்திலேயே மாவு வாங்கக் கைமாற்று வாங்க நேர்ந்திருக்கும்.

சிறுதொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கணக்கிடும் எளிய முறை வங்கிகளில் உண்டு. அதன்படி 5,18,400 ரூபாய் வரை வரும். கிடைக்கும் என்பதற்காக அவ்வளவும் கேட்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தேவையைச் சுழற்சி நாட்களிலிருந்து கணக்கிட்டுக் காட்டினால் வங்கி அதிகாரி கேட்கும் கேள்விக்கு விடை கையில் இருக்கும். 3,20,000-இல் 70,000 சொந்தப் பணம், 2,50,000 வங்கிக் கடன், அதற்கு ஆண்டு வட்டி 27,500 என்று திருத்தினோம். இருப்புநிலைக் குறிப்பில் கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கி 25,000 என்று இருந்ததையும் மாற்றினோம். ஒரு மாதக் கடன் என்றால் ஆண்டு விற்பனையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 2,16,000 ரூபாய், அங்கே இருக்க வேண்டும்.

திருத்திய பிறகு கடன் தாங்குமா?

கடனைத் திருப்பிக் கட்டும் ஆற்றலை வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்ற விகிதத்தால் பார்ப்பார்கள். நிகர லாபத்தோடு தேய்மானத்தையும் இயந்திரக் கடனின் வட்டியையும் கூட்டி, அதே ஆண்டில் கட்ட வேண்டிய வட்டி, அசல் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது அது. தேய்மானம் கையை விட்டுப் போகாத செலவு என்பதால் அதைத் திரும்பக் கூட்டுகிறோம். விகிதம் 1 என்றால் வந்தது முழுவதும் கடனுக்கே போகிறது என்று பொருள். 1.5-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள்.

பழைய அறிக்கையில் இது முதலாண்டிலேயே 4-க்கு மேல் இருந்தது. சிறு உற்பத்தித் தொழிலில் 4 என்ற எண்ணைக் கண்டால் மகிழக் கூடாது. எங்கோ செலவு விடுபட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருத்திய கணக்கில் முதலாண்டு 14,400 கிலோவுக்கு 52 ரூபாய் வீதம் 7,48,800. அதில் மற்றச் செலவு 4,20,000, நடைமுறை மூலதன வட்டி 27,500 போகக் கடனுக்குக் கிடைப்பது 3,01,300. விகிதம் 1.53. இரண்டாமாண்டில் அளவு 16,800 கிலோவாகி, மற்றச் செலவு 5 சதவீதம் கூடி, கிடைப்பது 4,05,100. விகிதம் 1.46. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கட்டியது போக மிஞ்சுவது 1,27,000 சொச்சம், அதாவது மாதம் 10,600. அவருடைய குடும்பச் செலவுக்கு மாதம் 10,000 எடுப்பதாகச் சொன்னார். அறிக்கையில் அந்த எடுப்புக்கு ஒரு வரிகூட இல்லை. தனியுரிமைத் தொழிலில் உரிமையாளர் எடுக்கும் பணம் செலவாகக் காட்டப்படாது என்பது சரிதான். பணக் கணக்கில் அது கட்டாயம் வெளியே போயாக வேண்டும்.

இப்போது ஒரே ஒரு சோதனை செய்து பார்த்தோம். மாவு கிலோவுக்கு 6 ரூபாய் ஏறுகிறது, கடைக்காரர் விலையேற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உளுந்து விலையை அறிந்தவர்களுக்கு இது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. 52 ரூபாய் 46 ஆகிறது. இரண்டாமாண்டில் கிடைப்பது 3,04,300-ஆகக் குறைந்து, விகிதம் 1.09-க்கு இறங்குகிறது. வீட்டுக்கு மாதம் 2,200 ரூபாய்தான் மிஞ்சும். அவர் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டுக் கணக்கில் தெரியாத மாதம்

ஆண்டு மொத்தம் சரியாக வந்தாலும் தவணை மாதா மாதம் கேட்கும். ஏப்ரலில் கடன் பெற்றால் 6 மாத மொரட்டோரியம் செப்டம்பரோடு முடிந்து, முதல் அசல் தவணை அக்டோபரில் விழும். மதுரைப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. வெயிலில் காய வைத்து முடிக்கும் அப்பளத்துக்கு அது மோசமான காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை நாட்களில் மாவே பிசைவதில்லை என்றார் அவர். மார்கழியில் முகூர்த்தமும் இல்லை. அறிக்கையோ 300 நாட்களைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தது.

நவம்பரில் 800 கிலோதான் போகும் என்று வைத்துப் போட்டோம். வரும் 41,600 ரூபாயில் மாதச் செலவு 35,000-மும் நடைமுறை மூலதன வட்டியும் போக 4,300 ரூபாய். அந்த மாதம் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் 24,764. வீட்டுச் செலவைச் சேர்க்காமலேயே 20,000-க்கு மேல் பற்றாக்குறை. ஆண்டு விகிதம் 1.53 என்று காட்டும் அதே அறிக்கைக்குள் இந்த நவம்பர் இருக்கிறது.

ஆகவே கடன் காலத்தை 7 ஆண்டாகவும், மொரட்டோரியத்தை 9 மாதமாகவும் கேட்டு அறிக்கையை மாற்றினோம். 84 மாதத்தில் 9 போக 75 தவணை, மாதம் 12,000 ரூபாய். இரண்டாமாண்டில் கட்ட வேண்டியது 2,31,780-ஆகக் குறைகிறது. விகிதம் 1.75, மாவு 6 ரூபாய் ஏறினாலும் 1.31 நிற்கிறது, வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் மிஞ்சுகிறது. காலம் நீள்வதால் மொத்த வட்டி கூடும் என்பதையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன், தெரிந்தே ஒப்புக்கொண்டார். மழை முடிந்து, தை பிறந்து, கல்யாணப் பந்திகளுக்கு ஆர்டர் வரத் தொடங்கும் ஜனவரி மாதத்தில் முதல் அசல் தவணை விழும்படி அட்டவணையின் முதல் வரியை எழுதினோம்.